மட்டு மதிப்புகளின் கூட்டுத்தொகையைக் குறைத்து ஸ்பார்ஸ் தீர்வு காண்பது: எந்த வழியை எடுக்கலாம்?

Ax = b என்ற தொகுப்பில் A-வுக்கு 200 நிரைகள், 1000 நிரல்கள் என்று வைத்துக்கொள்வோம். சமன்பாடுகளைவிடத் தெரியாதவை ஐந்து மடங்கு. தீர்வுகள் எண்ணற்றவை. ஆனால் நாம் தேடும் x-ல் சுமார் 20 இடங்களில்தான் எண் இருக்கிறது, மற்றதெல்லாம் பூச்சியம், அதாவது x ஸ்பார்ஸ் என்பது முன்கூட்டியே தெரியும். எந்த 20 இடங்கள் என்பது மட்டும் தெரியாது. ஒவ்வொரு 20-ஆக எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்றால், ஆயிரத்திலிருந்து இருபதைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 42 இலக்கம் கொண்டது. அந்தப் பக்கமே போக முடியாது.

எனவே பூச்சியமல்லாத இடங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, Σ|xᵢ| என்ற கூட்டுத்தொகையைச் சிறியதாக்குகிறோம். நிலத்துக்கடியில் அனுப்பிய அதிர்வலைகளின் எதிரொலியைப் பிரித்தெடுக்கும் வேலையில் இருந்தவர்கள் 1970-களிலேயே இதைக் கையாண்டார்கள். சென், டோனஹோ, சாண்டர்ஸ் மூவரும் 1990-களில் இதற்கு ‘பேஸிஸ் பர்சூட்’ என்று பெயர் வைத்தார்கள். எப்போது இது சரியான விடையைத் தரும் என்பதைக் கண்டேஸ், ராம்பெர்க், டாவோ ஆகியோரும் தனியே டோனஹோவும் 2006-ல் வெளியிட்ட கட்டுரைகளில் நிறுவினார்கள்.

கணக்கை எழுதுவது ஒரு வரி வேலை. எதை வைத்துத் தீர்ப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பழக்கம். சிம்ப்ளெக்ஸ், இன்டீரியர் பாயின்ட், ஏடிஎம்எம், எடையை மாற்றி மாற்றிப் போடும் மீச்சிறு வர்க்க முறை, இவை எதுவும் வேண்டாம் என்று நேராக ஓஎம்பி என்னும் பேராசை முறை எனப் பல வழிகள் இருக்கின்றன. எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எண்கள் மெய்யெண்களாக இருந்து, தெரியாதவை சில ஆயிரத்துக்குள் அடங்கினால், நேரியல் திட்டமிடலாக எழுதி டூயல் சிம்ப்ளெக்ஸிடம் கொடுங்கள். மற்ற வழிகளுக்குப் போக ஒரு குறிப்பான காரணம் வேண்டும். அந்தக் காரணங்கள் எவை என்பதை ஒரு சிறிய கணக்கை வைத்துப் பார்க்கலாம்.

கையால் போடக்கூடிய ஒரு கணக்கு

மூன்று சமன்பாடுகள், நான்கு தெரியாதவை. A-யின் நிரல்கள் இவை:

a₁ = (1, 0, 0), a₂ = (0, 1, 0), a₃ = (6, 6, 7)/11, a₄ = (0, 0, 1)

நான்குமே நீளம் 1 உள்ளவை (36 + 36 + 49 = 121 என்பதால் a₃-யும் அப்படித்தான்). உண்மையான விடை x = (10, 9, 0, 0). ஆக b = (10, 9, 0). இப்போது x தெரியாது என்று வைத்துக்கொண்டு, b-யிலிருந்து அதைத் திரும்பப் பெற முயல்வோம்.

எல்லாத் தீர்வுகளையும் ஒரே எண் s-ஐ வைத்து எழுதிவிடலாம்:

x = (10 − 6s, 9 − 6s, 11s, −7s)

முதலில் எல்லோரும் செய்வது `np.linalg.pinv`, அதாவது வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் குறைப்பது. அப்படிச் செய்தால் s = 228/484, ஏறக்குறைய 0.471. விடை (7.17, 6.17, 5.18, −3.30). சமன்பாடுகள் மூன்றும் அச்சுப் பிசகாமல் பொருந்தும். ஆனால் ஒரு பூச்சியம்கூட இல்லை. வர்க்கம் பெரிய எண்ணைக் கடுமையாகத் தண்டிக்கும், சின்ன எண்ணைக் கண்டுகொள்ளாது. அதனால் சுமையை எல்லா இடங்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிடுகிறது.

அடுத்தது ஓஎம்பி. மிச்சமிருக்கும் வெக்டரோடு எந்த நிரல் அதிகம் ஒத்துப்போகிறதோ அதை எடுத்துக்கொள்ளும், எடுத்தவற்றை மட்டும் வைத்து மீச்சிறு வர்க்கம் போடும், மிச்சத்தோடு மறுபடி தொடங்கும். முதல் சுற்றில் புள்ளிப் பெருக்கல்கள் 10, 9, 114/11 = 10.36, 0. ஆக a₃ வென்றுவிடுகிறது. அது தவறான நிரல், ஆனால் a₁, a₂ இரண்டின் சாயலும் அதில் இருப்பதால் தனித்தனியாக அவற்றைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மிச்சம் (4.35, 3.35, −6.60). மூன்றாவது இடத்தில் புதிதாக முளைத்திருக்கும் −6.60-ஐச் சரிக்கட்ட இரண்டாம் சுற்றில் a₄ வருகிறது. இப்போது மிச்சம் (0.5, −0.5, 0). மூன்றாம் சுற்றில் a₁, a₂ இரண்டும் சமம். முதலில் இருக்கும் a₁-ஐ எடுத்தால் முடிவு (1, 0, 16.5, −10.5). மிச்சம் பூச்சியம், ஓஎம்பி வெற்றிகரமாக நிற்கும், எந்த எச்சரிக்கையும் வராது. மூன்று எண்கள் கொண்ட தவறான விடை கையில் இருக்கும். ஓஎம்பி ஒருமுறை எடுத்த நிரலை ஒருபோதும் கைவிடாது என்பதால் முதல் சுற்றுத் தவறு கடைசிவரை ஒட்டிக்கொண்டே வருகிறது.

மட்டு மதிப்பு வழியில் குறைக்க வேண்டியது |10 − 6s| + |9 − 6s| + 18|s|. s = 0-ல் இதன் மதிப்பு 19. s சற்றே கூடினால் முதல் இரண்டு உறுப்புகளில் 12s குறையும், கடைசியில் 18s கூடும். s குறைந்தால் எல்லாமே கூடும். ஆக s = 0-தான் அடிமட்டம், விடை (10, 9, 0, 0). ஓஎம்பி கொடுத்த விடையின் கூட்டுத்தொகை 28.

இங்கே தீர்மானித்தது 12-க்கும் 18-க்கும் உள்ள ஒப்பீடுதான். Ah = 0 ஆகும் திசையில், உண்மையான இடங்களில் h-ன் எடை (6 + 6) மற்ற இடங்களில் உள்ள எடையைவிட (11 + 7) குறைவாக இருக்க வேண்டும். எப்படிப்பட்ட குறிகளோடு வந்தாலும் குறிப்பிட்ட எண்ணிக்கை வரையிலான ஸ்பார்ஸ் தீர்வுகள் எல்லாம் கிடைக்க வேண்டுமானால், Ah = 0 ஆகும், பூச்சியமல்லாத ஒவ்வொரு h-க்கும், அந்த எண்ணிக்கைக்கு உட்பட்ட எல்லா இடத் தேர்வுகளுக்கும் இது உண்மையாக இருக்க வேண்டும்.

அலகை மாற்றினால் விடை மாறும்

இதே கணக்கில் a₃-ஐ 11-ஆல் வகுக்காமல் (6, 6, 7) என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறொன்றையும் தொடவில்லை. மூன்றாவது தெரியாததின் அலகு மட்டும் மாறியிருக்கிறது, மீட்டருக்குப் பதில் சென்டிமீட்டர் மாதிரி. இப்போது தீர்வுகள் (10 − 6s, 9 − 6s, s, −7s). குறைக்க வேண்டியது |10 − 6s| + |9 − 6s| + 8|s|. s கூடும்போது 12 குறைகிறது, 8-தான் கூடுகிறது. எனவே s = 1.5 வரை இறங்கிக்கொண்டே போய், (1, 0, 1.5, −10.5) என்ற இடத்தில் 13 என்ற மதிப்பில் நிற்கும். பழைய அலகுக்கு மாற்றிப் பார்த்தால் இது ஓஎம்பி கொடுத்த அதே தவறான விடை!

சால்வர் தப்பு செய்யவில்லை. 13 என்பது 19-ஐவிடச் சிறியதுதான். நீளமான நிரலுக்குச் சின்ன எண் போதும் என்பதால் அது மலிவாகத் தெரிகிறது. மீட்பு தவறிவிட்டது என்று வரும் கணக்குகளில் சால்வரை மாற்றுவதற்கு முன் `np.linalg.norm(A, axis=0)` போட்டுப் பாருங்கள். நிரல் நீளங்களில் பெரிய வேறுபாடு இருந்தால் ஒவ்வொரு நிரலையும் அதன் நீளத்தால் வகுத்துத் தீர்த்துவிட்டு, கிடைத்த xⱼ-ஐயும் அதே நீளத்தால் வகுத்துப் பழைய அலகுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தக் கடைசி வகுத்தலை மறப்பவர்கள் நிறைய பேர்.

நிரைகளை வகுத்தாலோ பெருக்கினாலோ விடை மாறாது. ஆனால் b-யின் அளவு முக்கியம். `linprog` உள்ளே இயக்கும் ஹைஸ் சால்வரின் இயல்பான பொறுதி 10⁻⁷, அதுவும் விகிதமாக இல்லாமல் நேரடி அளவாக. மைக்ரோவோல்ட் அளவீடுகளை வோல்ட்டில் கொடுத்து b-யின் எண்கள் எல்லாம் 10⁻⁶ அளவில் இருந்தால், சமன்பாட்டில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் சால்வர் ‘பொருந்திவிட்டது’ என்றுதான் சொல்லும். b-ஐ ஒன்றுக்கு அருகில் வரும்படி ஓர் எண்ணால் பெருக்கிவிட்டு, x-ஐ அதே எண்ணால் வகுத்துக்கொண்டால் போதும்.

நேரியல் திட்டமிடலாக எழுதுவது

|x| நேரியல் அல்ல. x = u − v, u ≥ 0, v ≥ 0 என்று பிரித்து, u, v-களின் மொத்தத்தைக் குறைத்தால் நேரியல் ஆகிவிடும். ஓர் இடத்தில் u, v இரண்டுமே நேர்மமாக இருந்தால் இரண்டிலிருந்தும் சமமாகக் கழித்து மொத்தத்தைக் குறைக்கலாம் என்பதால், உகந்த விடையில் ஏதாவது ஒன்று பூச்சியமாகத்தான் இருக்கும். 2n மாறிகள், m சமன்பாடுகள்.

```python
import numpy as np
from scipy.optimize import linprog

A = np.array([[1, 0, 6/11, 0],
              [0, 1, 6/11, 0],
              [0, 0, 7/11, 1]])
b = np.array([10, 9, 0])
n = A.shape[1]
r = linprog(np.ones(2*n), A_eq=np.hstack([A, -A]), b_eq=b,
            bounds=(0, None), method="highs-ds")
x = r.x[:n] - r.x[n:]
y = r.eqlin.marginals
print(r.status, x, r.fun, np.abs(A.T @ y).max())
```

−t ≤ x ≤ t என்று எழுதி t-க்களைக் கூட்டுவது இன்னொரு வழி. பாடநூல்களில் அதுதான் அதிகம் தென்படும். நாங்கள் அதைத் தவிர்க்கிறோம். 2n சமனிலிகள் கூடுதலாகச் சேர்கின்றன. போதாக்குறைக்கு `linprog` எல்லா மாறிகளையும் இயல்பாகவே 0-க்கு மேல் என்று எடுத்துக்கொள்ளும். x-க்கு `(None, None)` கொடுக்க மறந்தால், எதிர்ம எண்கள் வர முடியாமல் போய், ‘தீர்வே இல்லை’ என்று `status` 2 வரும் அல்லது அதைவிட மோசமாக, தவறான விடை அமைதியாக வந்து நிற்கும்.

x-ல் எதிர்ம எண்ணே வராது என்று தெரிந்தால் v-ஐத் தூக்கிவிடுங்கள். கணக்கு பாதியாகும், மீட்பும் எளிதாகும். ஆனால் ஒரு விசித்திரம் உண்டு. மாதிரிகளைக் கலந்து கூட்டாகச் சோதிக்கும் ஏற்பாட்டில் ஒவ்வொரு மாதிரியும் சரியாக மூன்று கலவைகளில் சேர்கிறது, அணியில் 0, 1 மட்டுமே இருக்கின்றன என்றால், b-யின் எண்களைக் கூட்டினால் அது x-ன் மொத்தத்தைப் போல மூன்று மடங்கு. ஆக Σx எல்லாத் தீர்வுகளுக்கும் ஒன்றேதான். குறைப்பதற்கு எதுவுமில்லை. அங்கே வேலை செய்வது x ≥ 0 என்ற நிபந்தனை மட்டுமே. மட்டு மதிப்பு முறை அருமையாக வேலை செய்தது என்று அங்கே நினைத்துக்கொள்வது வீண்.

சிம்ப்ளெக்ஸா, இன்டீரியர் பாயின்டா

சிம்ப்ளெக்ஸ் எப்போதும் ஒரு மூலையில் வந்து நிற்கும். மூலையில் அதிகபட்சம் m இடங்களில்தான் எண் இருக்கும், மற்றவை 0.0 என்றே அச்சாகும். எது பூச்சியம், எது 3e-10 என்று எல்லை வகுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஸ்பார்ஸ் மீட்பில் இது பெரிய வசதி.

இன்டீரியர் பாயின்ட் உள்ளே இருந்து நடுவழியாக வரும். சில பத்துச் சுற்றுகளில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் m × m அணி ஒன்றை உருவாக்கித் தீர்ப்பதுதான் செலவு. A முழுக்க எண்களால் நிறைந்திருந்தால் அதற்கு ஏறக்குறைய m²n பெருக்கல்கள். m = 200, n = 1000 என்றால் நான்கு கோடி, அது ஒன்றுமில்லை. m = 5000, n = 50,000 என்றால் சுற்றுக்கு ஒன்றேகால் லட்சம் கோடி. A-ஐச் சேமிக்கவே 2 ஜிபி வேண்டும், u, v என்று பிரித்தால் இரட்டிப்பு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரிவது, உகந்த விடை ஒன்றுக்கு மேல் இருக்கும்போது. நம் கணக்கில் a₃-ஐ (2, 2, 1)/3 என்று மாற்றினால் தீர்வுகள் (10 − 2t, 9 − 2t, 3t, −t). கூட்டுத்தொகை t = 0-லிருந்து 4.5 வரை மாறாமல் 19. சிம்ப்ளெக்ஸ் ஏதாவது ஒரு முனையைத் தரும், (10, 9, 0, 0) அல்லது (1, 0, 13.5, −4.5). இன்டீரியர் பாயின்ட் நடுவில் எங்கோ நின்று நான்கு இடங்களிலும் எண்ணைத் தரும். ‘ஒரே கணக்கு, இரண்டு சால்வர், இரண்டு விடை’ என்று குழம்புபவர்களின் கணக்கில் பெரும்பாலும் இப்படிப்பட்ட சமநிலைதான் ஒளிந்திருக்கும். நடுவில் நின்ற விடையை மூலைக்குத் தள்ளும் கிராஸ்ஓவர் என்ற கடைசிப் படி இருக்கிறது. `highs-ipm` அதைத் தானே செய்துகொள்ளும். வேறு சால்வரில் நேரம் மிச்சம் என்று அதை அணைத்து வைத்திருந்தால், சின்னச் சின்ன எண்கள் எல்லா இடத்திலும் வருவதற்குத் தயாராக இருங்கள்.

எங்கள் அனுபவத் தேர்வு: A நிறைந்த அணியாக இருந்து, விடை மிகவும் ஸ்பார்ஸ் என்றால் `highs-ds`. சமன்பாடுகள் பல ஆயிரமாகி அது இழுக்கத் தொடங்கினால் `highs-ipm`. இரண்டையும் ஓட்டி `r.fun` ஒத்துப்போய் x மாறினால், விடை ஒன்றல்ல என்பதற்கு அதுவே மலிவான சோதனை. ஒத்துப்போனால் விடை ஒன்றுதான் என்று ஆகிவிடாது, இரண்டும் தற்செயலாக ஒரே மூலைக்குப் போயிருக்கலாம்.

விடை சரிதானா என்று சான்று பெறுவது

நேரியல் திட்டமிடலைத் தேர்ந்தெடுப்பதற்கு எங்களைப் பொறுத்தவரை முதன்மைக் காரணம் இதுதான். டூயல் கணக்கில், |aⱼ·y| எல்லா நிரலுக்கும் 1-ஐத் தாண்டாத y-களில் b·y-ஐப் பெரிதாக்குகிறோம். அப்படிப்பட்ட ஒரு y-க்கு b·y = 19 என்று வந்தால், 19-க்குக் கீழே எந்தத் தீர்வும் இல்லை என்று நிறுவியாகிவிட்டது. விடை ஒன்றே ஒன்றுதான் என்று காட்ட இன்னும் சற்று வேண்டும்: எண் உள்ள இடங்களில் aⱼ·y அந்த எண்ணின் குறியாக (+1 அல்லது −1) இருக்க வேண்டும், மற்ற இடங்களில் அதன் அளவு கண்டிப்பாக 1-க்குக் கீழே இருக்க வேண்டும், எண் உள்ள நிரல்கள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும்.

நம் கணக்கில் y = (1, 1, y₃). a₃-க்கு (12 + 7y₃)/11, a₄-க்கு y₃. y₃ = −2/3 வைத்தால் முதலாவது 2/3, இரண்டாவதன் அளவும் 2/3. இரண்டும் 1-க்குக் கீழே, ஆக (10, 9, 0, 0) மட்டுமே விடை. அலகு மாற்றிய கணக்கில் a₃-க்கு 12 + 7y₃ வரும். அது 1-க்குள் அடங்க y₃ ≤ −11/7 வேண்டும், ஆனால் a₄ அதை −1-க்குக் கீழே விடாது. சான்று கிடைக்காது, மீட்பும் நடக்காது.

இதில் ஒரு சூட்சுமம். சிம்ப்ளெக்ஸ் தரும் y-ம் ஒரு மூலைதான். இங்கே அது y₃ = −1/7 அல்லது −1 என்று வரும், அப்போது a₃-யோ a₄-யோ சரியாக 1-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து ‘விடை ஒன்றல்ல’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சரியான சோதனை, எண் உள்ள இடங்களில் குறியைக் கட்டாயமாக்கி, மற்ற இடங்களில் உள்ள பெரும |aⱼ·y|-ஐக் குறைக்கும் இன்னொரு சிறிய நேரியல் திட்டம். 1-க்குக் கீழே வந்தால் உறுதி. நம் கணக்கில் அது 2/3. 0.98 என்று வந்தால் விடை ஒன்றுதான், ஆனால் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம்.

பெரிய கணக்குகளுக்கு ஏடிஎம்எம்

A-ஐ அணியாகச் சேமிக்கவே முடியாதபோதும், எண்கள் சிக்கலெண்களாக இருக்கும்போதும் நேரியல் திட்டமிடல் கைகொடுக்காது. எம்ஆர்ஐ படத்தில் இரண்டும் சேர்ந்தே வரும். சிக்கலெண்ணின் மட்டு மதிப்பு √(p² + q²). மெய்ப் பகுதியையும் கற்பனைப் பகுதியையும் பிரித்து |p| + |q| என்று கூட்டினால் அது வேறொரு கணக்கு.

```python
from scipy.linalg import cho_factor, cho_solve
L = cho_factor(A @ A.T)
rho = 1.0
z = np.zeros(n); u = np.zeros(n)
for _ in range(2000):
    v = z - u
    x = v + A.T @ cho_solve(L, b - A @ v)
    w = x + u
    z = np.sign(w) * np.maximum(np.abs(w) - 1/rho, 0)
    u = w - z
```

முதல் படி Ax = b மீது வீழ்த்துகிறது. அடுத்தது ஒவ்வோர் எண்ணையும் பூச்சியத்தை நோக்கி 1/ρ அளவு சுருக்குகிறது. நிரைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் நீளம் 1 ஆகவும் இருந்தால் (ஃபூரியர் மாற்றத்தின் சில நிரைகளை எடுத்தால் அப்படித்தான்) `cho_solve` கூட வேண்டாம், வேகமான மாற்றம் இரண்டு முறை ஓடினால் ஒரு சுற்று முடிந்தது. சிக்கலெண்ணுக்கு `sign`-க்குப் பதில் `w/|w|` போட்டு, w பூச்சியமாக உள்ள இடத்தில் 0 வைத்து, `A.T`-க்குப் பதில் `A.conj().T` எழுதினால் போதும்.

தொல்லை இரண்டு இடங்களில். ρ-வின் தேர்வு முதலாவது. x-ன் எண்கள் ஆயிரங்களில் இருக்கும்போது ρ = 1 என்றால் சுற்றுக்கு 1-தான் சுருங்கும், நத்தை வேகத்தில் போகும். 1/ρ எதிர்பார்க்கும் பெரிய எண்ணில் பத்தில் ஒரு பங்கு என்று தொடங்குவது எங்கள் வழக்கம். இரண்டாவது, முடிவில் இரண்டு விடைகள் இருக்கும். x சமன்பாட்டுக்குப் பொருந்தும், ஆனால் ஸ்பார்ஸ் அல்ல. z ஸ்பார்ஸ், ஆனால் சமன்பாட்டுக்குப் பொருந்தாது. எதை எடுப்பது? z-ல் எண் உள்ள நிரல்களை மட்டும் எடுத்து அவற்றில் மீச்சிறு வர்க்கம் போட்டு, மிச்சம் பூச்சியமாகிறதா என்று பாருங்கள். ஆகவில்லையென்றால் இன்னும் சுற்றுகள் தேவை. மூன்று, நான்கு இலக்கத் துல்லியம் சீக்கிரம் வரும். அதற்கு மேல் ஏடிஎம்எம்-ஐத் துரத்துவதைவிட இந்த மெருகேற்றும் படி சிக்கனமானது.

எடையை மாற்றிப் போடும் மீச்சிறு வர்க்க முறை நான்கே வரியில் எழுதக்கூடியது என்பதால் பலருக்குப் பிடிக்கும். x = WAᵀ(AWAᵀ)⁻¹b, W-ன் மூலைவிட்டத்தில் |xᵢ| + ε. ஆனால் ε சிறுக்கச் சிறுக்க உள்ளே இருக்கும் அணி தலைகீழாக்க முடியாத நிலையை நெருங்கும். துல்லியமான பூச்சியம் ஒருபோதும் வராது. வேறு நூலகம் எதுவும் கிடைக்காத சூழலுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

ஓஎம்பி-யை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. நிரல்கள் ஒன்றோடொன்று அதிகம் ஒட்டாமல், எதேச்சையாக நிரப்பிய அணி போல இருந்து, எண் உள்ள இடங்கள் ஐந்தாறு என்றால் அது நொடியில் முடித்துக் கொடுக்கும். எந்த இரண்டு நிரல்களின் புள்ளிப் பெருக்கலும் μ-ஐத் தாண்டாவிட்டால், (1 + 1/μ)/2-க்குக் குறைவான இடங்கள் வரை ஓஎம்பி, மட்டு மதிப்பு முறை இரண்டுக்கும் ஒரே உத்தரவாதம். நம் கணக்கில் μ = 7/11, வரம்பு 1.29, அதாவது ஓர் இடத்துக்கு மட்டுமே உறுதி. இரண்டு இடம் வந்ததும் ஓஎம்பி விழுந்தது, மட்டு மதிப்பு முறை தாங்கியது.

விடையில் m எண்கள் இருந்தால்

ஓடி முடித்ததும் முதலில் எண்ண வேண்டியது, x-ல் எத்தனை இடங்களில் எண் இருக்கிறது என்பது. 200 சமன்பாட்டுக் கணக்கில் 20 வந்தால் நம்பலாம். சரியாக 200 வந்தால் அது சிம்ப்ளெக்ஸ் ஏதோ ஒரு மூலையில் நிற்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. காரணம் இரண்டில் ஒன்று.

அளவீடுகள் போதாமல் இருக்கலாம். எதேச்சையாக நிரப்பிய காஸியன் அணியில், n-ல் k இடங்களை மீட்க 2k·ln(n/k) + 1.25k சமன்பாடுகள் போதுமானவை. n = 1000, k = 20 என்றால் 156 + 25, சுமார் 181. ஆகவே 200 சரி, k உண்மையில் 40 என்றால் இதே உத்தரவாதத்துக்கு 300-க்கு மேல் வேண்டும், 200-ல் மீட்பு நடக்கலாம், ஆனால் இந்தச் சூத்திரம் அதற்கு உறுதி தராது.

அல்லது b-யில் இரைச்சல் இருக்கலாம். நம் சின்னக் கணக்கில் b-ஐ (10, 9, 0.1) என்று கொஞ்சமே மாற்றினால் விடை (9.914, 8.914, 0.157, 0) ஆகிறது. மூன்று சமன்பாடு, மூன்று எண். Ax = b என்று கறாராகக் கேட்டதால் 0.1-ஐயும் எப்படியாவது விளக்கியாக வேண்டிய கட்டாயம் சால்வருக்கு. இந்த இரண்டு காரணங்களையும் பிரித்தறிய மட்டு மதிப்புகளை இறங்கு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 9.9, 8.9 என்று வந்து திடீரென 0.157-க்கு விழுந்தால் இரைச்சல். பள்ளமே இல்லாமல் சரிந்துகொண்டே போனால் அளவீடு போதவில்லை.

இரைச்சல் என்றால் சமக்குறியைக் கைவிட்டு, Ax − b-ன் நீளம் σ-வுக்குள் என்ற வடிவத்துக்கு மாற வேண்டும். அது நேரியல் திட்டம் அல்ல. `spgl1` நேரடியாக அந்த வடிவத்தைத் தீர்க்கும். σ-வை அளவீட்டுக் கருவியின் பிழையிலிருந்து எடுங்கள்: ஒவ்வோர் அளவீட்டிலும் திட்டவிலக்கம் 0.05, 200 அளவீடுகள் என்றால் σ சுமார் 0.05 × √200 = 0.71. இந்த வடிவத்துக்கு வந்த பிறகு எண்கள் எல்லாம் உண்மையைவிடச் சற்றே சுருங்கி வரும், சமக்குறி வடிவத்தில் இல்லாத குறை இது. எண் உள்ள இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றில் மீச்சிறு வர்க்கம் போட்டு அளவுகளைத் திருத்திக்கொள்ளுங்கள்.